எவ்வளவு ஆட்டத்துக்கு எவ்வளவு லாபம்?

மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்கள் மாதந்தோறும் வெளியிடும் ஃபேக்ட்ஷீட்டில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பக்கம் இருக்கும். ஃபண்டு மேலாளரின் பெயர், வாங்கி வைத்திருக்கும் பங்குகளின் பட்டியல், ஒரு வருட, மூன்று வருட, ஐந்து வருட வருமானம் எல்லாம் அதில் உண்டு. ஓரமாக ஒரு சிறிய கட்டத்தில் திட்ட விலக்கம், பீட்டா, ஷார்ப் விகிதம் என்று மூன்று நான்கு எண்கள் பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலானோர் வருமானத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதிலுள்ள ஷார்ப் விகிதம் ஒரு முக்கியமான கேள்விக்கு விடை தருகிறது. இந்த லாபத்தைச் சம்பாதிப்பதற்குள் போட்ட பணம் எவ்வளவு ஏறி இறங்கியது என்பதே அந்தக் கேள்வி.

அந்த எண் எப்படி வருகிறது என்பதை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. இரண்டு கற்பனை ஃபண்டுகளை எடுத்துக்கொள்வோம். கணக்கு சிறியதாக இருக்க ஆறு மாதங்கள் போதும்.

முதல் ஃபண்டின் மாத வருமானம் சதவீதத்தில் இப்படி வந்தது: 6, –3, 5, –1, 7, –5. இரண்டாவது ஃபண்டுக்கு: 3, –1, 2, 0, 3, –1. முதல் ஃபண்டில் போட்ட ஒரு லட்சம் ரூபாய் ஆறு மாத முடிவில் சுமார் ₹1,08,640 ஆகியிருக்கும். இரண்டாவதில் போட்டது சுமார் ₹1,06,060 ஆகியிருக்கும். வருமானத்தை மட்டும் பார்த்தால் முதல் ஃபண்டுதான் முன்னால் நிற்கிறது. விளம்பரத்தில் வருவதும் அதுதான்.

இப்போது சராசரியை எடுப்போம். முதல் ஃபண்டுக்கு மாதம் 1.5 சதவீதம், இரண்டாவதற்கு 1 சதவீதம். அடுத்து, எந்த ஆபத்தும் இல்லாமலே கிடைத்திருக்கக்கூடிய வட்டியை இதிலிருந்து கழிக்க வேண்டும். அரசாங்கத்தின் குறுகிய கால டிரஷரி பில்லில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 6 சதவீதம், அதாவது மாதம் அரை சதவீதம் கிடைத்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த அரை சதவீதம் எந்தத் திறமையும் இல்லாமல் யாருக்கும் கிடைக்கக்கூடியது. அதற்காக ஃபண்டு மேலாளரைப் பாராட்ட வேண்டியதில்லை. அதைக் கழித்தால் முதல் ஃபண்டின் கூடுதல் வருமானம் மாதம் 1 சதவீதம், இரண்டாவதன் கூடுதல் வருமானம் அரை சதவீதம்.

அடுத்தது ஆட்டத்தை அளப்பது. ஒவ்வொரு மாத வருமானமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் ஃபண்டில் 6 என்பது 1.5-லிருந்து 4.5 மேலே நிற்கிறது. –3 என்பது 4.5 கீழே நிற்கிறது. கூட்டல் கழித்தல் குறிகள் ஒன்றையொன்று அடித்துவிடாமல் இருக்க ஒவ்வொரு விலகலையும் வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம். முதல் ஃபண்டுக்கு 131.5 வருகிறது. மாதங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, அதாவது ஐந்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 5.13. பள்ளிக்கூடத்தில் படித்த திட்ட விலக்கம் இதுதான். இரண்டாவது ஃபண்டுக்கு இதே கணக்கைப் போட்டால் சுமார் 1.9 வரும். முதல் ஃபண்டு கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்கு அதிகமாக ஆடியிருக்கிறது.

கடைசிப் படி வகுத்தல். முதல் ஃபண்டின் கூடுதல் வருமானம் 1-ஐ 5.13-ஆல் வகுத்தால் சுமார் 0.195. இரண்டாவதன் 0.5-ஐ 1.9-ஆல் வகுத்தால் சுமார் 0.264. இவை மாதக் கணக்கில் வந்த எண்கள். ஃபேக்ட்ஷீட்டில் ஆண்டுக் கணக்கு இருக்கும் என்பதால் 12-இன் வர்க்கமூலமான 3.46-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கினால் முதல் ஃபண்டின் ஷார்ப் விகிதம் சுமார் 0.68, இரண்டாவதன் ஷார்ப் விகிதம் சுமார் 0.91. வருமானப் பட்டியலில் பின்தங்கிய ஃபண்டு இந்தப் பட்டியலில் முன்னால் வந்துவிட்டது.

12-ஆல் பெருக்காமல் அதன் வர்க்கமூலத்தால் பெருக்குவதற்குக் காரணம் உண்டு. வருமானம் மாதம்தோறும் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே பன்னிரண்டு மாதத்தில் அது பன்னிரண்டு மடங்காகிறது. ஏற்றமும் இறக்கமும் அப்படிச் சேருவதில்லை. ஒரு மாதத்து ஏற்றத்தை இன்னொரு மாதத்து இறக்கம் ஓரளவு சரிக்கட்டிவிடுகிறது. எனவே ஆட்டம் 3.46 மடங்குதான் பெருகும். 12-ஐ 3.46-ஆல் வகுத்தால் மீண்டும் 3.46 வருகிறது. ஒரு மாதத்து வருமானத்துக்கும் அடுத்த மாதத்து வருமானத்துக்கும் தொடர்பில்லை என்ற அனுமானத்தின் மேல்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. இந்த அனுமானத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே இடத்தில்தான் சிக்கல் வரப்போகிறது.

‘ஆட்டம் எனக்குப் பொருட்டல்ல, கடைசியில் கையில் எவ்வளவு வருகிறது என்பதுதான் முக்கியம்’ என்று பலர் சொல்வார்கள். நியாயமான கேள்வி. முதல் ஃபண்டு ₹2,500-க்கு மேல் அதிகம் கொடுத்திருக்கும்போது இரண்டாவதை எப்படி உயர்ந்தது என்று சொல்லலாம்?

அதற்கான பதில் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. முதல் ஃபண்டில் முழுப் பணத்தையும் போட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு லட்சத்தில் ₹37,000-ஐ மட்டும் அதில் போட்டு, மீதி ₹63,000-ஐ டிரஷரி பில்லில் வைத்துவிடுங்கள். டிரஷரி பில் ஆடாது. ஆகவே மொத்தப் பணத்தின் ஆட்டம் 5.13-இல் 37 சதவீதமாக, அதாவது சுமார் 1.9 ஆகக் குறைந்துவிடும். அது இரண்டாவது ஃபண்டின் ஆட்டத்துக்குச் சமம். இப்போது வருமானம் என்ன? ₹37,000-க்கு மாதம் சராசரியாக ஒன்றரை சதவீதம் என்றால் ₹555. ₹63,000-க்கு அரை சதவீதம் ₹315. மொத்தம் ₹870. இரண்டாவது ஃபண்டு அதே ஒரு லட்சத்துக்கு, அதே அளவு ஆட்டத்தில் மாதம் சராசரியாக ₹1,000 கொடுத்திருக்கிறது. ஆட்டத்தைச் சமப்படுத்தியதும் இரண்டாவது ஃபண்டு ₹130 அதிகம் தருகிறது. ஷார்ப் விகிதம் சொல்வது இந்த ₹130-ஐத்தான். முதல் ஃபண்டின் கூடுதல் லாபம் மேலாளரின் திறமையால் வரவில்லை. அதிக ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டதால் வந்தது. அந்த ஆபத்தைக் கூட்டவும் குறைக்கவும் முதலீட்டாளரால் தானே முடியும்.

இந்த வாதத்தில் ஒரு ஓட்டையும் உண்டு. ஆபத்தைக் குறைப்பது எளிது, டிரஷரி பில்லில் கொஞ்சம் போட்டால் போதும். கூட்டுவது அவ்வளவு எளிதல்ல. இரண்டாவது ஃபண்டை வைத்துக்கொண்டு முதல் ஃபண்டின் அளவுக்குச் சம்பாதிக்க வேண்டுமானால் அதே 6 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி அதில் போட வேண்டும். அந்த வட்டிக்குச் சாதாரண ஆளுக்குக் கடன் கிடைக்காது. கிடைத்தாலும் வாங்கச் சொல்ல மாட்டேன். இருபது வருடம் தொடாமல் வைத்திருக்கக்கூடிய பணம், சந்தை பாதியாக விழுந்தாலும் விற்காத மன உறுதி இரண்டும் உள்ள ஒருவர், ஷார்ப் விகிதம் சற்றுக் குறைந்தாலும் அதிக வருமானம் தரும் ஃபண்டைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. மூன்று வருடத்தில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுக்க வேண்டிய பணத்துக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

இந்த அளவுகோலைக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வில்லியம் ஷார்ப். 1966-இல் மியூச்சுவல் ஃபண்டுகளின் செயல்பாடு பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் இதற்குத் தன் பெயரை வைக்கவில்லை, மாறுதலுக்கு ஈடான வெகுமதி விகிதம் என்ற பொருளில்தான் அழைத்தார். அமெரிக்காவின் 34 ஃபண்டுகளை எடுத்துக்கொண்டு, 1954 முதல் 1963 வரையிலான பத்து ஆண்டுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் இந்த விகிதத்தைக் கணக்கிட்டார். ஆபத்தில்லாத வட்டியாக 3 சதவீதத்தை எடுத்துக்கொண்டார். முப்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட டௌ ஜோன்ஸ் குறியீட்டுக்கும் அதே கணக்கைப் போட்டு அருகில் வைத்தார். டௌ ஜோன்ஸுக்கு 0.667 வந்தது. 34 ஃபண்டுகளின் சராசரி 0.633. டௌ ஜோன்ஸை வென்றவை 11 ஃபண்டுகள், தோற்றவை 23. சம்பளம் வாங்கும் வல்லுநர்கள் தேர்ந்தெடுத்த பங்குகள், ஒரு குறியீட்டுப் பட்டியலைவிடச் சராசரியில் பின்தங்கியிருந்தன. இதற்கான காரணத்தையும் அவர் தேடினார். அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்று நம் ஊர் ஃபேக்ட்ஷீட்டில் இருக்கும் எண்ணும் இதே கணக்குதான். பக்கத்தின் அடியில் இருக்கும் பொடிக் குறிப்பைப் படித்தால் பெரும்பாலும் கடந்த மூன்று ஆண்டுகளின் மாத வருமானத்தை எடுத்திருப்பார்கள். ஆபத்தில்லாத வட்டியாக வங்கிகள் ஒரே இரவுக்குத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் மைபார் விகிதத்தை வைத்திருப்பார்கள். இணையதளங்களில் போய்ப் பார்த்தால் அதே ஃபண்டுக்கு வேறு எண் இருக்கும். ஒருவர் தினசரி வருமானத்தை எடுப்பார், இன்னொருவர் மாத வருமானத்தை எடுப்பார். ஒருவர் ஐந்து ஆண்டு, மற்றவர் மூன்று ஆண்டு. வட்டியும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ஓர் இடத்திலிருந்து ஒரு ஃபண்டின் எண்ணையும் வேறிடத்திலிருந்து இன்னொரு ஃபண்டின் எண்ணையும் எடுத்து ஒப்பிடக் கூடாது. இரண்டும் ஒரே பட்டியலில், ஒரே தேதியில் இருக்க வேண்டும். பங்கு ஃபண்டைப் பங்கு ஃபண்டோடும் கடன் ஃபண்டைக் கடன் ஃபண்டோடும் மட்டுமே வைத்துப் பார்க்க வேண்டும்.

நீங்களே போட்டுப் பார்க்க விரும்பினால் ஆம்ஃபி இணையதளத்தில் எல்லா ஃபண்டுகளின் பழைய என்.ஏ.வி.யும் இலவசமாகக் கிடைக்கிறது. மாதக் கடைசி நாளின் என்.ஏ.வி.யை 37 மாதங்களுக்கு எடுத்து, எக்செல் தாளில் B2 முதல் B38 வரை வரிசையாக இடுங்கள். C3-இல் முதல் சூத்திரத்தைப் போட்டு C38 வரை இழுத்துவிடுங்கள். காலியாக உள்ள ஏதாவது ஒரு கட்டத்தில் இரண்டாவது சூத்திரத்தைப் போடுங்கள். 0.06 என்பது ஆண்டு வட்டி, அதை மட்டும் நடப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

```
=B3/B2-1-0.06/12
=AVERAGE(C3:C38)/STDEV.S(C3:C38)*SQRT(12)
```

சந்தை மோசமாக இருக்கும் காலத்தில் இந்த எண் மைனஸில் போகும். அப்போது அது தலைகீழாகப் பேசும் என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இரண்டு ஃபண்டுகளும் ஆண்டுக்கு 2 சதவீதம் கொடுத்திருக்கின்றன, ஆபத்தில்லாத வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் கூடுதல் வருமானமும் –4. ஒன்றின் ஆட்டம் 8, மற்றொன்றின் ஆட்டம் 20. விகிதங்கள் –0.5, –0.2 என்று வரும். –0.2 பெரிய எண் என்பதால் அதிகம் ஆடிய ஃபண்டு பட்டியலில் மேலே போய்விடும். ஒரே நஷ்டத்துக்கு அதிகம் பதறவைத்த ஃபண்டு அது, அதைப் போய் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மைனஸ் எண்களை வரிசைப்படுத்தாமல் விட்டுவிடுவதே சரி.

இதைவிடப் பெரிய ஆபத்து, எண் மிக அழகாக இருக்கும்போது வருகிறது.

ஷார்ப் விகிதம் ஆபத்தை நேரடியாக அளப்பதில்லை. விலையில் தெரியும் ஆட்டத்தை மட்டுமே அளக்கிறது. விலையில் ஆட்டம் தெரியாமல் செய்துவிட்டால் விகிதம் வானளவுக்கு ஏறிவிடும். இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு நியூயார்க்கின் பெர்னார்டு மேடாஃப். அவரிடம் பணம் அனுப்பிய ஃபண்டுகளில் பெரியது ஃபேர்ஃபீல்டு சென்ட்ரி. 1990-இன் கடைசியிலிருந்து 2008 வரை அது ஆண்டுக்குச் சுமார் 10.5 சதவீதம் காட்டியது. அதன் திட்ட விலக்கம் சுமார் 2.5 சதவீதம் மட்டுமே. ஷார்ப் விகிதம் 2.5-ஐ ஒட்டி வந்தது. அதே காலத்தில் அமெரிக்கப் பங்குச்சந்தைக் குறியீட்டின் விகிதம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பெரிய நிறுவனங்களின் பங்குகளை வாங்கி, அவற்றின் மேல் ஆப்ஷன்களை விற்றும் வாங்கியும் லாப நஷ்டம் இரண்டையும் கட்டுக்குள் வைத்திருப்பதாக மேடாஃப் சொன்னார். அந்த முறையை உண்மையில் செய்திருந்தால் சந்தையின் ஆட்டத்தில் கணிசமான பகுதி அந்தக் கணக்கிலும் தெரிந்திருக்க வேண்டும். பதினேழு வருடங்களுக்கும் மேல் கிட்டத்தட்ட நேர்கோடாக ஏறியிருக்க முடியாது.

ஹாரி மார்கோபோலஸ் என்ற பாஸ்டன் நிதி ஆய்வாளர் 2000-லிருந்தே இதை அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் எழுதிச் சொன்னார். மேடாஃப் நிர்வகிப்பதாகச் சொன்ன தொகைக்கு அந்த முறையைச் செயல்படுத்தத் தேவையான அளவு ஆப்ஷன்கள் சந்தையிலேயே இல்லை என்று அவர் காட்டினார். ஆணையம் அதை உரிய முறையில் விசாரிக்கவில்லை. 2008 டிசம்பர் 11 அன்று மேடாஃப் கைது செய்யப்பட்டார். வர்த்தகமே நடக்கவில்லை. புதிதாக வந்தவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆட்டமே இல்லாத அந்த வருமானத்தைக் கையால் எழுதியிருந்தார்கள்.

மோசடி எதுவும் இல்லாமலே இதே விளைவு வரலாம் என்பதுதான் நாம் அதிகம் கவனிக்க வேண்டியது. பங்குச்சந்தைப் பங்கின் விலை நொடிக்கு நொடி தெரியும். ஆனால் தரவரிசை குறைந்த ஒரு நிறுவனத்தின் கடன் பத்திரம் பல நாட்கள் யாராலும் வாங்கப்படாமலும் விற்கப்படாமலும் கிடக்கும். அதன் விலையை மதிப்பீட்டு நிறுவனங்கள் கணக்குப் போட்டுச் சொல்லும். அந்த விலை நாளுக்கு நாள் வட்டி சேர்ந்து மெதுவாக ஏறும். அத்தகைய பத்திரங்களை நிறைய வைத்திருக்கும் ஃபண்டின் என்.ஏ.வி. வரைபடம் வழவழப்பாக இருக்கும், திட்ட விலக்கம் சிறியதாக இருக்கும், ஷார்ப் விகிதம் பெரியதாக இருக்கும். பத்திரத்தை அவசரமாக விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது என்ற ஆபத்து அந்த எண்ணில் எங்கும் இல்லை. 2020 ஏப்ரல் 23 அன்று ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் இந்தியாவில் தன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடுவதாக அறிவித்தபோது சுமார் ₹25,000 கோடி அவற்றில் இருந்தது. கொரோனா நாட்களில் பலர் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், பத்திரங்களை நியாயமான விலைக்கு விற்க முடியவில்லை. பணம் பின்னர் பல தவணைகளாக முதலீட்டாளர்களுக்குத் திரும்பி வந்தது. ஆனால் வேண்டியபோது எடுக்க முடியும் என்று நம்பிப் போட்டவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்படி வழவழப்பாக்கப்பட்ட வருமானத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மாத வருமானங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தை ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தையில் தினமும் கைமாறும் சொத்துகளில் ஒரு மாதத்து வருமானம் அடுத்த மாதத்தைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லாது. 0.7, 0.7, 0.8, 0.7 என்று அடுத்தடுத்து ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தால் விலை சந்தையிலிருந்து வரவில்லை, மதிப்பீட்டிலிருந்து வருகிறது என்று பொருள். 3.46-ஆல் பெருக்கலாம் என்ற அனுமானம் உடைவதும் இங்கேதான். மாதங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தால் ஏற்றமும் இறக்கமும் சரிக்கட்டிக்கொள்வதில்லை, ஆண்டுக் கணக்கில் ஆட்டம் இன்னும் அதிகமாகப் பெருகும். எம்.ஐ.டி. பேராசிரியர் ஆண்ட்ரூ லோ 2002-இல் ஹெட்ஜ் ஃபண்டுகளை ஆராய்ந்து, இந்த ஒரு காரணத்தாலேயே ஆண்டு ஷார்ப் விகிதம் 65 சதவீதம் வரை மிகைப்பட்டுக் காட்டப்படலாம் என்று எழுதினார். நன்றாகப் பரவலாக்கப்பட்ட ஒரு பங்கு ஃபண்டின் விகிதம் நீண்ட காலத்தில் 1-ஐத் தாண்டுவதே அரிது. பல ஆண்டுகளாக 2, 3 என்று காட்டும் எதையும் பார்த்தால், அதில் என்ன வாங்கி வைத்திருக்கிறார்கள், அந்தச் சரக்குக்கு விலை யார் சொல்கிறார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

லோவின் அதே கட்டுரை இன்னொரு சங்கடமான உண்மையையும் கணக்கோடு சொல்கிறது. ஷார்ப் விகிதம் ஒரு மதிப்பீடுதான், துல்லியமான அளவு அல்ல. 36 மாத வருமானத்தை வைத்து 0.9 என்று ஒரு விகிதம் வந்தால் அதன் பிழை வரம்பு சுமார் 0.6. அதாவது அந்த ஃபண்டின் உண்மையான தரம் 0.3-லிருந்து 1.5 வரை எங்கும் இருக்கலாம். அதற்கு வெளியே இருப்பதற்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரே சந்தையில் ஒரே வகைப் பங்குகளை வைத்திருக்கும் இரண்டு ஃபண்டுகளை ஒப்பிடும்போது நிலைமை இதைவிடக் கொஞ்சம் மேல். சந்தை ஏறினால் இரண்டும் ஏறும், விழுந்தால் இரண்டும் விழும், ஆகவே பிழையின் ஒரு பகுதி இரண்டுக்கும் பொதுவாகி அடிபட்டுப் போகும். அப்படியிருந்தும் 0.72 எடுத்த ஃபண்டை 0.65 எடுத்த ஃபண்டுக்கு மேல் வைப்பதற்கு மூன்று ஆண்டு மாதக் கணக்கில் ஆதாரம் கிடையாது. இணையதளங்கள் இரண்டாம் தசமத்தை வைத்து முதலிடம், நான்காமிடம் என்று பட்டியல் போடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. அந்தப் பட்டியலை நம்பி ஆண்டுதோறும் ஃபண்டு மாற்றுபவர்கள் வெளியேறும் கட்டணமும் வரியும் கட்டிவிட்டு வெறும் அதிர்ஷ்டத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

பிழையைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் நான்கு மடங்கு நீண்ட காலத்தின் கணக்கு வேண்டும். மூன்று ஆண்டுக்குப் பதில் பன்னிரண்டு ஆண்டு. அவ்வளவு காலத்தில் ஃபண்டு மேலாளர் மாறியிருப்பார், ஃபண்டின் வகையே மாறியிருக்கலாம். இந்தியாவில் செபி 2017-இல் திட்டங்களின் வகைகளை வரையறுத்து உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து 2018-இல் பல ஃபண்டுகள் பெயரும் முதலீட்டு எல்லையும் மாறின. அவற்றின் பழைய எண்களை இன்றைய ஃபண்டோடு சேர்த்துக் கணக்கிடுவதில் அர்த்தம் குறைவு.

அப்படியானால் இந்த எண்ணை எதற்குப் பயன்படுத்துவது? பெரிய வித்தியாசங்களைக் காட்ட அது நன்றாக உதவும். ஒரே வகையில், ஐந்து, ஏழு, பத்து ஆண்டுகளில், ஒரு ஃபண்டு 0.3 என்றும் பக்கத்தில் அதே வகையின் குறியீட்டு ஃபண்டு 0.7 என்றும் தொடர்ந்து காட்டினால், முதலாவதின் மேலாளர் உங்கள் பணத்தை ஆபத்துக்கு உட்படுத்திவிட்டு அதற்கான விலையை வாங்கித் தரவில்லை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஷார்ப் 1966-இல் செய்ததும் இதைத்தான். ஃபண்டுகளைத் தங்களுக்குள் மட்டும் ஒப்பிட்டு நிறுத்தாமல், எந்த முயற்சியும் இல்லாமல் கிடைக்கக்கூடிய டௌ ஜோன்ஸைப் பக்கத்தில் நிறுத்தினார்.

தன் 34 ஃபண்டுகளில் சில ஏன் நன்றாகச் செய்தன என்று அவர் தேடியபோது ஒரு காரணம் தெளிவாகத் தெரிந்தது: செலவு விகிதம். நிர்வாகச் செலவு குறைந்த ஃபண்டுகள் பொதுவாக மேலே இருந்தன. செலவைக் கழிக்காமல் பார்த்தால் ஃபண்டுகள் டௌ ஜோன்ஸுக்கு ஏறக்குறைய இணையாகவே ஓடியிருந்தன. தோற்றது பங்குகளைத் தேர்ந்தெடுத்த விதத்தால் அல்ல, தேர்ந்தெடுத்ததற்கு வாங்கிய கூலியால்.

இதை நம் ஊர் ஃபேக்ட்ஷீட்டிலேயே சரிபார்க்கலாம். ஒரே ஃபண்டுக்கு ரெகுலர், டைரக்ட் என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. இரண்டும் வைத்திருப்பது ஒரே பங்குகளை, இரண்டின் திட்ட விலக்கமும் ஒன்றே. முகவர் கமிஷன் இல்லாததால் டைரக்ட் பிரிவில் செலவு குறைவு. வித்தியாசம் ஆண்டுக்கு 1 சதவீதம், திட்ட விலக்கம் 15 சதவீதம் என்றால் டைரக்ட் பிரிவின் ஷார்ப் விகிதம் 0.067 அதிகமாக இருக்கும். இரண்டு வெவ்வேறு ஃபண்டுகளுக்கு இடையில் 0.067 என்பது ஒன்றுமே இல்லை, பிழை வரம்புக்குள் காணாமல் போய்விடும். இங்கே இரண்டு பக்கமும் ஒரே பங்குகள் என்பதால் அதிர்ஷ்டம் இரண்டுக்கும் சமமாகவே அடிக்கிறது. மீதி இருக்கும் 0.067 முழுக்க முழுக்க செலவு. அது ஒவ்வோர் ஆண்டும், சந்தை ஏறினாலும் விழுந்தாலும், முதலீட்டாளரின் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.